வாழை: ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்காதீங்க, தாருக்கு எவ்வளவு என்று கேளுங்க

வாழை வைக்கலாம்னு இருக்கேன், ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும்? இயற்கை விவசாயத்துக்கு வர்ற நண்பர்கள் கூட்டத்துல பார்த்தாலும், போன்ல பேசினாலும் என்கிட்ட முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். நானும் பல வருஷம் "ஒரு லட்சம் ஆகும்" என்று சும்மா ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். போன வெள்ளாமைக்குத்தான் முதல் தடவையா நோட்டுப் போட்டு, நட்ட நாளிலிருந்து கடைசித் தார் சந்தைக்குப் போன நாள் வரைக்கும் எழுதினேன். அதுல தெரிஞ்ச விஷயம் எனக்கே அதிர்ச்சியா இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நிலம் முசிறி பக்கம், கிணற்றுப் பாசனத் தோட்டக்கால். ரகம் பூவன். மாசியில் நட்டது. கார்த்திகையில் தார் தள்ள ஆரம்பிச்சு, அடுத்த மாசி கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும் வெட்டினோம். கீழே வர்ற கூலியும் விலையும் எங்க ஊர்க் கணக்கு. உங்க ஊரில் வேறாக இருக்கும். அந்த இடத்துல உங்க தொகையைப் போட்டுக்கோங்க, கணக்குப் போடுற முறை மாறாது.

முதலில் மரத்தை எண்ணணும்

ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பூவனுக்கு நான் ஏழுக்கு ஏழு அடி இடைவெளி விடுகிறேன். ஒரு மரத்துக்கு 49 சதுர அடி. வகுத்தால் 889 மரம் வரும். ஆனால் வரப்பு, வாய்க்கால், வண்டி திரும்புற இடம் எல்லாம் போக என் ஏக்கரில் நின்றது 850 மரம். நேந்திரனுக்கு ஆறுக்கு ஆறு வைக்கிறவங்களுக்குக் கணக்கில் 1,210 மரம் வரும். குழி, கன்று, எரு, முட்டு, கூலி எல்லாமே மரத்தின் எண்ணிக்கையைப் பின்னாடி தொடர்ந்துதான் வரும். ஆகவே ஏக்கர் என்று ஆரம்பிக்காம, எத்தனை மரம் என்று ஆரம்பிக்கணும்.

நட்ட 850 மரமும் தார் கொடுக்காது. எனக்கு 22 மரம் முடிக்கொத்து நோய் வந்து தோண்டி எடுக்க வேண்டியதாச்சு. 38 மரம் தாரோடு சாய்ந்தது. 20 தார் சீப்பு தேறாத சின்னத் தார், அதை ஊருக்குள்ளேயே கொடுத்துட்டோம். மிச்சம் விலைக்குப் போனது 770 தார். செலவு பூராவையும் இந்த 770 தார்தான் சுமக்கணும். நட்ட எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கு அழகா இருக்கும், ஆனா பொய்யா இருக்கும்.

கன்றில் மிச்சம் பிடிக்க நினைக்கிறவங்களுக்கு

கன்று ஒன்று 6 ரூபாய் என்று 900 கன்று எடுத்தேன். ஐம்பது அதிகம், கழிக்கிறதுக்கும் போக்கு நடுறதுக்கும். கன்றுக்கு 5,400, வண்டிக்கு 2,500, கன்றைச் சீவி, நனைத்து, நடுறதுக்கு மரத்துக்கு 4 ரூபாய் வீதம் 3,400. ஆக 11,300 ரூபாய். மொத்தச் செலவில் இது பெரிய பங்கே இல்லை. ஆனால் இங்கே செய்யுற தப்பு கடைசி வரைக்கும் கூடவே வரும்.

இலை வேல் மாதிரி குறுகி, அடிக்கிழங்கு பருத்திருக்கிற ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து எடுக்கணும். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருந்தால் போதும். இலை அகலமா விரிஞ்சு பார்க்க அழகா இருக்கிற கன்றுக்குக் கிழங்கு இருக்காது, அது வேண்டாம். கன்று வெட்டுறதுக்கு முன்னாடி அந்தத் தோட்டத்துக்கே நேரில் போய்த் தாய் மரத்தைப் பார்க்கணும். இலைகள் குட்டையாகி, நுனியில் கொத்தா நிமிர்ந்து நின்றால், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரிந்தால், அது முடிக்கொத்து. அந்தக் குத்தில் மட்டுமில்லை, அந்த வயலிலேயே கன்று எடுக்கக் கூடாது. நான் பாதிக் கன்றைப் பார்க்காமல் ஆள் விட்டு எடுத்தேன். தோண்டி எறிஞ்ச 22 மரத்தில் பெரும்பாலானது அந்தப் பாதியில் வந்ததுதான்.

வந்த கன்றின் வேரையும் மேல்தோலையும் வெள்ளைக் கிழங்கு தெரியும்வரை சீவணும். சீவும்போது பழுப்புத் துளை தெரிந்தால் உள்ளே கூன்வண்டுப் புழு இருக்குன்னு அர்த்தம், அதைக் கழிச்சிடணும். நல்லதைப் பீஜாமிர்தத்தில் நனைத்து, நிழலில் உலர வைத்து நட்டோம்.

உழவுக்கு 4,500 ரூபாய், குழிக்கு 10 ரூபாய் வீதம் 8,500 ரூபாய். குழிக்குப் பத்து கிலோ மக்கின எருவும் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும். எரு நாலு டிராக்டர் 12,000, புண்ணாக்கு 6,400, ஊடே விதைச்சு மடக்கின சணப்பு விதை 1,500. மாசம் ஒரு தடவை ஜீவாமிர்தத்துக்கு வெல்லமும் பயறு மாவும் சேர்த்து 300 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 3,600. மாடு சொந்தம் என்பதால் சாணமும் கோமியமும் கணக்கில் இல்லை.

தண்ணிக்குக் காசு இல்லை, தண்ணி கட்டுறதுக்கு உண்டு

நம்ம ஊரில் விவசாய மின்சாரம் இலவசம். அதனால தண்ணிச் செலவு என்ற பகுதியை யாருமே எழுதுறதில்லை. நானும் எழுதினதில்லை.

நட்டவுடன் ஒரு தண்ணி, நாலாம் நாள் உயிர்த்தண்ணி, அப்புறம் தோட்டக்காலில் வாரம் ஒன்று. மழை பெய்த வாரங்களைக் கழிச்சு எனக்கு 36 தண்ணி ஆச்சு. ஒரு தண்ணிக்கு அரை நாள் மடை மாற்றிக்கிட்டு வயலில் நிற்கணும். அரை நாள் ஆம்பளை ஆள் கூலி 350 ரூபாய் என்றால் 12,600 ரூபாய் ஆகுது. நின்றது நான்தான், யாருக்கும் காசு கொடுக்கலை. ஆனா நான் நிற்கலைன்னா ஒரு ஆள் நின்னிருக்கணும். நம்ம உழைப்பை எழுதாமல் விட்டால், நம்ம கூலியையே லாபம்னு நினைச்சு ஏமாந்துடுவோம். மோட்டார் பழுது, குழாய் ரிப்பேரில் வாழையின் பங்கு 4,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 16,600.

சொட்டு நீர் போட்டால் மடை மாற்றுற கூலி பெரும்பகுதி குறையும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் இருக்கு. ஆனா மானியத்தில் வந்தாலும் பக்கக் குழாய் சில வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். மாற்றுற செலவை வருஷத்துக்கு இவ்வளவுன்னு எழுதி வைக்கணும்.

களை எடுப்பு மூணு தடவை, தடவைக்குப் பத்துப் பெண்ணாள், 10,500 ரூபாய். மண் அணைக்க 4,200. பக்கக்கன்று அறுக்க ஆறு தடவை ஒரு ஆள், 4,200. சருகு உரிச்சு மூடாக்காகப் போட்டதுக்கு 2,800. இந்த ஆள் வேலை எல்லாம் சேர்ந்து 21,700. மூடாக்கு சரியாப் போட்டதாலதான் களை மூணோட நின்றது. அதுக்கு முந்தின வெள்ளாமையில் அஞ்சு தடவை எடுத்தோம்.

முட்டு: போடலாமா, வேண்டாமா?

இதுதான் எல்லாரும் தடுமாறுற இடம். சவுக்குக் கழி ஒன்று 60 ரூபாய். 850 கழிக்கு 51,000, ஏற்றி இறக்க 3,000, ஆக 54,000 ரூபாய். ஏக்கர் செலவில் பாதி இங்கேயே போகுதேன்னு பயந்து, அதுக்கு முந்தின வெள்ளாமையில் நான் முட்டே போடலை. சித்திரை மாசம் ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னாடி கால்மணி நேரம் சூறைக்காற்று அடிச்சது. மறுநாள் காலையில் எண்ணினேன். 240 மரம் தாரோடு கிடந்தது. பாதி முற்றின தார், பழுக்கவும் வைக்க முடியாது. என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசலை. அது பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

தப்பு எங்கே என்றால், நான் 54,000 ரூபாயை ஒரே வெள்ளாமை தலையில் வச்சுப் பார்த்தேன். கழியைப் பிடுங்கி, மண்ணில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே ஓலை போட்டு வச்சால் மூணு வெள்ளாமைக்கு வரும். அடிப்பக்கம் ஒன்றரை அடிக்கு நெருப்பில் கருக்கி நட்டால் சீக்கிரம் உளுக்காது. ஆகவே ஒரு வெள்ளாமைக்கு 18,000. நட்டுக் கட்டுறதுக்குக் கழிக்கு 6 ரூபாய் வீதம் 5,100, பிடுங்கி அடுக்க 1,400. மொத்தம் 24,500 ரூபாய்.

இப்போ கேள்வியை இப்படிக் கேட்கணும்: முட்டு இல்லாவிட்டால் எத்தனை தார் கூடுதலா விழுந்தால் இந்த 24,500 ரூபாய் போகும்? சந்தைச் செலவு போக ஒரு தார் என் கைக்கு 180 ரூபாய் கொடுக்குது. 24,500-ஐ 180-ஆல் வகுத்தால் 136 தார். அதுக்கு மேல விழுந்தால் முட்டு லாபம், கீழே விழுந்தால் முட்டு நஷ்டம். முட்டில்லாத வருஷம் 240 விழுந்தது, முட்டுப் போட்ட வருஷம் 38 விழுந்தது. வித்தியாசம் 202. எங்க ஊருக்குக் கணக்கு தீர்ந்துபோச்சு. உங்க ஊரில் காற்று குறைவு, சுற்றிலும் தென்னை மறைப்பு இருக்கு, குட்டை ரகம் வைக்கிறீங்க என்றால் முட்டு இல்லாமலும் போகலாம். ஆனா அதை எண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

முட்டுக் கொடுக்கிறதிலும் முறை இருக்கு. தார் தள்ளினவுடனே மரம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கழியை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, கழுத்துக்குக் கீழே எட்டு வடிவத்தில் வாழை நாரால் கட்டணும். இறுக்கிக் கட்டினால் தண்டு அறுபடும். கழி தாரில் உரசினால் காய் கறுத்து, அந்தச் சீப்புக்கு விலை குறையும். எல்லா மரமும் ஒரே நாளில் தள்ளாது, அதனால் பத்து நாளைக்கு ஒரு தடவை சுற்றி வந்து கட்டணும். 2018 நவம்பரில் வந்த கஜா மாதிரி ஒரு புயலுக்கு எந்த முட்டும் தாங்காது. முட்டு என்பது கோடைக் காற்றுக்கும் தாரின் பாரத்துக்கும்தான்.

இப்போ வேலியோரம் நானே சவுக்கு நட்டிருக்கேன். மூணு வருஷத்தில் கழிக்கு ஆகும், அதுவரைக்கும் காற்றுத் தடுப்பாகவும் நிற்கும்.

வயலில் இருந்து சந்தை வரைக்கும்

வெட்டுறதுக்கு முன்னாடி வரைக்கும் ஆன செலவைக் கூட்டினேன்.

- உழவும் குழியும்: 13,000
- கன்றும் நடவும்: 11,300
- எருவும் இடுபொருளும்: 23,500
- தண்ணீர்: 16,600
- ஆள் வேலை: 21,700
- முட்டு: 24,500
- மொத்தம்: 1,10,600 ரூபாய்

770 தாரால் வகுத்தால், மரத்தில் நிற்கிற ஒரு தாருக்கு 144 ரூபாய் ஆகியிருக்கு.

அப்போ ஒரு வியாபாரி வயலுக்கு வந்தார். "அண்ணே, வெட்டுக்கூலி என்னுது, வண்டி என்னுது, தேறுற தாருக்கு 190 தர்றேன்" என்றார். சந்தையில் அன்றைக்கு 240 போகுது. "என்னப்பா, அம்பது ரூபாயை அப்படியே அமுக்கப் பார்க்கிறியா?" என்று கேட்டு அனுப்பிட்டேன்.

சந்தைக்கு நானே கொண்டுபோனேன். வெட்டி, தலைச்சுமையா ரோட்டுக்குக் கொண்டுவர தாருக்கு 12 ரூபாய், 9,240. ஒரு பிக்கப் வண்டியில் சருகு பரப்பி அடுக்கினால் 110 தார் பிடிக்கும், வாடகை 1,800. 770 தாருக்கு ஏழு நடை போதும். ஆனா தார் ஒரே சமயம் முற்றாது. முற்றினதை மரத்தில் விட்டால் வெடிச்சுப் போகும். அதனால் சில நடை பாதி வண்டியோட போக வேண்டியதாச்சு. ஒன்பது நடை, 16,200 ரூபாய். பாதி வண்டிக்கும் முழு வாடகைதானே. இறக்குகூலி தாருக்கு 3 ரூபாய், 2,310. மண்டிக் கமிஷன் பத்து சதவீதம். சராசரி 240 ரூபாய்க்கு விற்ற மொத்தம் 1,84,800 ரூபாய், அதில் கமிஷன் 18,480.

சந்தைச் செலவு மட்டும் 46,230 ரூபாய். தாருக்கு 60 ரூபாய். 240-ல் 60 போனால் என் கைக்கு வந்தது 180. வயலிலேயே 190 தர்றேன்னு சொன்னவரைத் திட்டி அனுப்பினேன். அவர் கொடுத்த விலைக்குக் கொடுத்திருந்தால் 7,700 ரூபாய் அதிகம் கிடைச்சிருக்கும். ரெண்டு மாசம் விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து அலைஞ்ச அலைச்சலும் மிச்சம்.

அதுக்காக வியாபாரிக்கே கொடுங்கன்னு நான் சொல்ல வரலை. வயலில் வாங்குறவங்க நல்ல தாரை முதலில் வெட்டிக்கிட்டு, சின்னதை விட்டுட்டுப் போறதும், பணத்தை இழுத்தடிக்கிறதும் உண்டு. எத்தனை தாருக்கு விலை, எப்போ பணம், கழிவு யாருக்கு என்று முன்னாடியே பேசி, வெட்டுற அன்றே பணம் வாங்கணும். நான் சொல்றது ஒன்றுதான்: வியாபாரி விலை கேட்கும்போது சந்தை விலையோடு ஒப்பிடாதீங்க. சந்தை விலையில் உங்க சந்தைச் செலவைக் கழிச்சு, அந்தத் தொகையோடு ஒப்பிடுங்க. பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து முழு வண்டி ஏற்றினால் என் ஒன்பது நடை ஏழாகியிருக்கும். அப்பவும் தாருக்கு அஞ்சு ரூபாய்தான் மிச்சம். கமிஷனும் வண்டி வாடகையும்தான் பெரிசு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிக்கிறதில்லை. உங்க பக்கத்தில் வாழை ஏலம் நடக்குற கூடம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்க. நேரடியா வீடுகளுக்கோ இயற்கை அங்காடிக்கோ கொடுத்தால் விலை கூடும். ஆனா வாரத்துக்கு எத்தனை தார் எடுப்பாங்க என்பதை முதலில் கேட்டுக்கணும். நமக்கு 770 தாரும் ரெண்டு மாசத்துக்குள்ள வருது.

கடைசியில் நின்றது

மொத்தச் செலவு 1,56,830 ரூபாய். தாருக்கு 204. வரவு 240. தாருக்கு 36 ரூபாய், ஏக்கருக்கு 28,000 ரூபாய் போல நின்றது. நிலம் சொந்தம். குத்தகை நிலமாக இருந்தால் இதிலிருந்துதான் குத்தகையும் கொடுக்கணும். விலை 200-க்கு இறங்கியிருந்தால், கமிஷன் குறைஞ்சது போகத் தாரும் 200 ரூபாய்க்கு அடங்கியிருக்கும், கையில் ஒன்றும் நின்றிருக்காது. "ஏக்கருக்கு ஒரு லட்சம் செலவு, ஒன்றே முக்கால் லட்சம் வரவு" என்று நான் இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டிருந்த கணக்குக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

ஆனா கதை இத்தோட முடியலை. தாய் மரம் வெட்டும்போது பக்கத்தில் ஒரே ஒரு நல்ல கன்றை விட்டு வச்சிருந்தேன். மறுதாம்புக்கு உழவு, குழி, கன்று, நடவு எதுவும் கிடையாது. 24,300 ரூபாய் அப்படியே மிச்சம். எருவும் புண்ணாக்கும் குறைக்காமல் கொடுக்கணும். வெட்டுக்கு முன்னாடி செலவு 86,300-க்கு வருது. இந்தத் தடவை 720 தார்தான் தேறும் என்று குறைச்சு வச்சாலும் மரத்தில் நிற்கிற தாருக்கு 120 ரூபாய். முதல் வெள்ளாமையைவிட 24 ரூபாய் குறைவு. வாழையில் லாபம் நிற்கிறது இங்கேதான். அதனால்தான் கன்றை நோயில்லாமல் பார்த்து எடுங்கன்னு மேலே அவ்வளவு சொன்னேன். முடிக்கொத்து புகுந்த தோட்டத்தில் மறுதாம்பு விட முடியாது.

நட நினைக்கிறவங்க நடுறதுக்கு முன்னாடியே ஒரு நோட்டில் உங்க ஊர்த் தொகைகளை வச்சு இதே வரிசையில் எழுதிப் பாருங்க. நட்ட மரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழிச்சுட்டு வகுங்க. வர்ற தொகையை ஒரு காகிதத்தில் பெரிசா எழுதிப் பம்புசெட் சுவரில் ஒட்டி வையுங்க. நான் ஒட்டியிருக்கேன். இந்த மாசி மாதம் அதே வியாபாரி மறுபடி வருவார். இந்தத் தடவை அவரை உட்கார வச்சு, மோர் கொடுத்து, கணக்கோட பேசுவேன்.